மனு எழுதப் பழகிய கையால் ஒரு குறுஞ்செய்தி

கொங்கு நாட்டுக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊருங்க?" என்பது. அடுத்த கேள்வி "எந்தக் கூட்டம்?" என்பது. செங்கண்ணன், பயிரன், ஓதாளன், ஆந்தை என்று ஒரு பெயர் வந்தவுடன் கணக்கு முடிந்துவிடும். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். இலையில் ரசம் விழுவதற்குள், படிப்பு முடித்த பையன் எந்த மில்லில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் படிப்பு இப்போது வேலைக்கு ஆகாது, எந்த மேனேஜரிடம் சம்பளத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிட வேண்டும் என்பதெல்லாம் வந்து சேர்ந்துவிடும். கேட்டவருக்குத் தான் ஏதோ உதவி கேட்டோம் என்ற எண்ணம் இருக்காது. சொன்னவருக்கும் தான் வழிகாட்டினோம் என்ற நினைப்பு இருக்காது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்விடுவார்கள்.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி ஷரத் சாரி எழுதி 2004இல் வெளிவந்த 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்' என்ற ஆய்வு நூல் இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. விவசாயத்திலிருந்தும் கூலி வேலையிலிருந்தும் வந்த கவுண்டர் ஆண்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பது அதன் கேள்வி. அவர்களைக் கேட்டால் "உழைப்பு" என்று ஒரே சொல்லில் பதில் சொல்வார்கள். உழைத்தது உண்மை. ஆனால் அதே தறியில், அதே மெஷினில் அதே அளவு உழைத்த எல்லோரும் முதலாளி ஆகவில்லை. உழைப்புக்குப் பக்கத்தில் சொந்தமும் சாதியும் நின்று கடன், கூட்டு, ஆர்டர், தகவல் என்று கொடுத்துக்கொண்டே இருந்தன. அந்தப் பந்தியில் உட்கார நமக்கு இடமில்லை. அதனால்தான் அங்கே வாய்வார்த்தையில் முடிவதை நாம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.

யாரிடம் கேட்பது என்பது நீண்ட காலம் பதிலில்லாத கேள்வியாக இருந்தது. இப்போது ஓரளவு பதில் உண்டு. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்ற உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2009இல் வந்தது. அந்த ஆண்டு பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் கால் வைத்தவர்கள் இன்று என் வயதுக்காரர்கள், முப்பதுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே தட்டுத் தடுமாறி ஏறி, இன்று ஐம்பதை நெருங்கும் பொறியாளர்களும் வங்கி அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் எண்ணிக்கையில் குறைவு என்றாலும் இருக்கிறார்கள். வேறு சமூகங்களில் பிறந்து சாதியை விட்டு வெளியே வந்த தோழர்களும் இருக்கிறார்கள். ஆள் இருக்கிறார், அவருக்கு எப்படி எழுதுவது என்பதில்தான் நம் பிள்ளைகளின் கை நின்றுவிடுகிறது.

அன்னூர்ப் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு தங்கை சில மாதங்களுக்கு முன் இப்படி ஒரு செய்தியை எழுதி என்னிடம் காட்டினாள். டிப்ளமோ முடித்துவிட்டுக் கோவையில் ஒரு மோட்டார் பம்ப் ஆலையில் டெஸ்டிங் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். மாலையில் பகுதிநேர பி.இ. படிக்கிறாள். ஏப்ரல் 14 அன்று ஒரு படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசிய மூத்த பொறியாளர் ஒருவருக்கு எழுத நினைத்தாள். அவள் எழுதியது இது:

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கம். நான் மிகவும் ஏழ்மையான, பின்தங்கிய குடும்பத்தைச் சேர்ந்தவள். என் தந்தை தூய்மைப் பணியாளர். எங்கள் குடும்பத்தில் படித்தவர்கள் யாரும் இல்லை. எனக்கு வழிகாட்டவும் யாரும் இல்லை. தாங்கள்தான் எனக்கு ஒரு நல்ல வழியைக் காட்ட வேண்டும். தங்களது பொன்னான நேரத்தில் சிறிது ஒதுக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எப்போது அழைத்தாலும் வரத் தயாராக இருக்கிறேன்."

இதைப் படித்ததும் எனக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசல்தான் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், மரத்தடியில் உட்கார்ந்து காசுக்கு மனு எழுதித் தருபவர்களின் நடை அப்படியே இதில் இருக்கிறது. நம் வீடுகளில் மேலே இருப்பவருக்கு எழுதிய எழுத்து என்று ஒன்று இருந்தால் அது மனு மட்டும்தான். பட்டாவுக்கு மனு, சுடுகாட்டுப் பாதைக்கு மனு, உதவித்தொகைக்கு மனு. மூன்று தலைமுறையாக ஒரே வடிவத்தில் எழுதிய கை, வேறு எதற்கு எழுதினாலும் அந்த வடிவத்துக்கே போகிறது. (மனு என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இன்னொரு பொருளும் உண்டு, அதையும் சேர்த்துப் படித்துக்கொள்பவர்கள் படித்துக்கொள்ளலாம்.)

மனுவுக்கு என்று ஒரு தர்க்கம் இருக்கிறது. அதில் எழுதுபவர் தன் இல்லாமையைக் காட்ட வேண்டும். எவ்வளவு இல்லாமையோ அவ்வளவு தகுதி. பெறுபவர் ஒருமுறை கையெழுத்துப் போடுவார் அல்லது போடமாட்டார். அதோடு உறவு முடிந்தது. வீட்டுமனைப் பட்டாவுக்கு அது சரி. மாதாமாதம் ஒருவரோடு பேசிப் பழக வேண்டும் என்று கேட்பதற்கு அது பொருந்தாது. இரக்கத்தில் தொடங்கிய பேச்சு இரண்டாம் மாதத்தைத் தாண்டாது. தாண்டினாலும் ஒருவர் கொடுப்பவராகவும் மற்றவர் கும்பிடுபவராகவும்தான் நடக்கும்.

நடைமுறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் செய்தியை ஒரு மூத்த பொறியாளராக இருந்து படித்துப் பாருங்கள். இந்தப் பெண் எங்கே வேலை செய்கிறாள், என்ன படிக்கிறாள் என்பது அதில் எங்குமே இல்லை. அவளிடம் சொல்லிக்கொள்ள மூன்று ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அப்பாவின் வேலையைச் சொல்லியிருக்கிறாள். "நல்ல வழி" என்றால் என்ன? வேலையா, பணமா, கல்லூரியில் இடமா, சிபாரிசா? "எப்போது அழைத்தாலும்" என்றால் எத்தனை நாள், எவ்வளவு நேரம்? கேட்கப்படுவதன் அளவு தெரியாதபோது நல்ல மனிதர்கள்கூடப் பதில் போடாமல் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைத்த செய்தி கீழே போய்விடும். எழுதியவள் "நம்மையெல்லாம் அவர் மதிப்பாரா" என்று முடிவு கட்டிவிடுவாள். அவமதிப்பு எதுவும் நடக்காமலேயே அவமதிப்பின் காயம் மட்டும் மிஞ்சும்.

அவளிடம் நான் முதலில் காட்டியது அண்ணல் அம்பேத்கரின் ஒரு கடிதத்தை. 1946ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவில் இருந்த கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்சுக்கு எழுதியது. டு பாய்சின் தாள்கள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் அது இருக்கிறது. அப்போது அம்பேத்கருக்கு 55 வயது, டு பாய்சுக்கு 78. இருவரும் அதுவரை நேரில் சந்தித்ததில்லை. கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். நேரில் பார்த்ததில்லை என்றாலும் ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்காக உழைக்கும் எவரையும் போலத் தானும் அவரைப் பெயரால் அறிவேன் என்று தொடங்குகிறார். தான் இந்தியாவின் தீண்டப்படாதோரில் ஒருவன் என்று சொல்கிறார். கறுப்பின மக்களின் நிலையைத் தொடர்ந்து படித்துவருவதாகவும், இரண்டு மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையால் அந்தப் படிப்பு தனக்கு அவசியமானது என்றும் சொல்கிறார். பிறகு கேட்கிறார்: ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்திருக்கும் விண்ணப்பத்தின் இரண்டு மூன்று பிரதிகள் வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஆண்டு ஜூலை 31 தேதியிட்டு டு பாய்ஸ் பதில் எழுதினார். கேட்ட விண்ணப்பத்தை உடன் அனுப்பினார். இதைவிட விரிவான இன்னொன்று தயாராகக்கூடும் என்றும் தகவல் சொன்னார். அம்பேத்கரின் பெயரும் பணியும் தனக்குத் தெரியும் என்றும், தீண்டப்படாத மக்கள்பால் தனக்கு முழு ஆதரவு உண்டு என்றும் எழுதினார்.

இது மாதாந்திர வழிகாட்டல் கேட்ட கடிதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருவரும் அவரவர் நாட்டில் தலைவர்கள். ஆனாலும் எழுதும் முறைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. தீண்டப்படாதவன் என்பதை அவர் மறைக்கவில்லை; ஆனால் அந்தச் சொல் அங்கே இரக்கத்தைக் கேட்கவில்லை. எழுதுபவர் எந்த இடத்தில் நின்று என்ன வேலை செய்கிறார் என்பதை அது சொல்கிறது. கேட்டது எண்ணிக்கையோடு கூடிய ஒரு பொருள்: இரண்டு மூன்று பிரதிகள். பெறுபவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. 'தாழ்மை' என்ற சொல்லுக்கு அதில் வேலையே இல்லை. நன்றி இருக்கிறது, அது போதும்.

தங்கை இரண்டாவது முறை எழுதியது இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்:

"வணக்கம் சார். ஏப்ரல் 14 படிப்பு வட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். டெஸ்டிங்கிலிருந்து டிசைனுக்குப் போக உங்களுக்கு ஆறு ஆண்டு ஆனது என்று சொன்னீர்கள். நான் ஒரு பம்ப் ஆலையில் மூன்று ஆண்டாக டெஸ்டிங்கில் இருக்கிறேன், பகுதிநேர பி.இ. மூன்றாம் ஆண்டு. டிசைனுக்கு மாற விரும்புகிறேன். அதற்கு எதைக் கற்பது, ஆலைக்குள் எப்படிக் கேட்பது என்ற இரண்டும் எனக்குத் தெளிவாக இல்லை. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் போனில் பேச முடியுமா? ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு முறை. கேள்விகளை முந்தின நாளே அனுப்பிவிடுகிறேன். வேலைக்குச் சிபாரிசு கேட்கவில்லை. இப்போது வசதிப்படாது என்றால் ஒரு வரியில் சொல்லுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நன்றி."

கீழே பெயரும் ஊரும். மொத்தத்தையும் போன் திரையில் ஒரு தடவை விரலால் தள்ளினால் படித்துவிடலாம்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் சண்டை போட்டோம். முதல் சண்டை விளியைப் பற்றியது. அவள் "ஐயா" என்றே வைக்க வேண்டும் என்றாள், மரியாதை என்றாள். இந்த ஊரில் நம் தாத்தாக்கள் பத்து வயதுக் கவுண்டர் வீட்டுப் பையனைச் "சாமி" என்று கூப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பையன் அவர்களை "வாடா, போடா" என்றான். விளிச்சொல் என்பது இங்கே வெறும் பழக்கம் இல்லை. "தோழர்" என்பது எனக்குப் பிடித்தது. ஆனால் அலுவலக மனிதர் ஒருவருக்கு முதல் செய்தியிலேயே அதை எழுதினால் அவரை ஓர் அணியில் நிறுத்துவதாகிவிடும். "அண்ணா" என்றால் உரிமை எடுத்துக்கொள்வது போலாகும். அதை அவர் கொடுக்கட்டும். கடைசியில் "சார்" என்று முடிவானது. தொழிலிடத்தில் யாரும் யாரையும் கூப்பிடும் சொல் அது. யாரும் குனிய வேண்டியதில்லை. நம் பேச்சில் இருக்கும் "ங்க" எவ்வளவு வேண்டுமானாலும் மரியாதையைத் தாங்கும், "தாழ்மையுடன்" தேவையில்லை.

இரண்டாவது சண்டை இன்னும் கடுமையானது: சாதியைச் சொல்வதா? "நம்ம ஆளு என்று தெரிந்தால்தானே அக்கா செய்வார்" என்றாள். நான் சொன்னது இதுதான். உன் சாதியை நீ சொல்வது உன் உரிமை. அவர் சாதியை நீ எழுதாதே. கோவையில் வாடகை வீடு தேடியவர்களுக்குத் தெரியும், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி எங்கெங்கே வருமென்று. அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளாமல் இருந்துவரும் மூத்தவர்கள் நம்மில் நிறைய உண்டு. அது கோழைத்தனமா, பிழைப்பா என்பதை வெளியிலிருந்து நாம் தீர்ப்பளிக்க முடியாது. "நம் சமூகத்தில் பிறந்து உயர்ந்த நீங்கள்" என்று ஒரு வரி அவருடைய அலுவலக மின்னஞ்சலில் போய் விழுந்தால், அதை வேறு யார் கண் பார்க்கும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே அலுவலக முகவரிக்கு எழுதக்கூடாது. அவர் பொதுவில் பேசியதை, எழுதியதை, செய்ததைச் சொல்லித் தொடங்கினால் போதும். ஏப்ரல் 14, படிப்பு வட்டம் என்ற இரண்டு சொற்களில் அவர் புரிந்துகொள்ள வேண்டியதைப் புரிந்துகொள்வார். அவருடைய எண்ணைக்கூட அவள் நேராக எடுக்கவில்லை. கூட்டம் நடத்திய தோழரிடம் சொல்லி, அவர் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்பினாள்.

ஆதிக்கச் சாதியில் பிறந்த மூத்தவர் ஒருவருக்கு எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம் என்பது என் கருத்து. தொழிலறிவு அவர்கள் வீட்டுச் சொத்து இல்லை. ஆனால் பேச்சு எங்கே திரும்பும் என்பதை அறிந்திருக்க வேண்டும். டெல்லியில் நிறுவனங்களின் ஆளெடுப்பு மேலாளர்களைச் சந்தித்து ஜோத்காவும் நியூமேனும் செய்த ஆய்வு 2007இல் வந்தது; சாதியைப் பார்ப்பதில்லை, தகுதியைத்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள் "குடும்பப் பின்னணி" முக்கியம் என்றும் சொன்னார்கள். இங்கே அதன் பெயர் "அப்பா என்ன பண்றாரு, ஊர்ல எந்தப் பக்கம் வீடு?" என்பது. ஒருமுறை கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்குத் திரும்பலாம். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி சுற்றிச் சுற்றி வந்தால், நான்கு முறை என்று முன்பே சொல்லியிருப்பது அங்கேதான் கைகொடுக்கும். சண்டை போடாமல், காரணம் சொல்லாமல், நன்றி சொல்லி முடித்துக்கொள்ளலாம். எண்ணிக்கையை முதலிலேயே சொல்வதை எல்லோரும் மூத்தவரின் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்பார்கள். அது கேட்பவருக்கான வாசலும்கூட.

போன் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. நேரில் சந்தித்து ஒரு காபி குடித்துக்கொண்டே பேசுங்கள் என்று வழிகாட்டல் பற்றிய அறிவுரைகள் சொல்லும். கொங்கு மண்ணில் இருவர் உட்கார்ந்து பேசுவது எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் ஓமலூர் கோகுல்ராஜ். பொறியியல் முடித்த 21 வயது தலித் இளைஞர். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் செய்த குற்றம் பேசியது. ஓர் இளம் பெண் வேற்று ஆணோடு, ஓர் இளைஞன் வேற்றுச் சாதிப் பெண் அதிகாரியோடு மாதாமாதம் ஒரே கடையில் உட்கார்ந்திருந்தால் யார் கண்ணில் எப்படிப் படும் என்று யோசிப்பதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்பவர்கள் இந்த ஊரில் இருந்ததில்லை என்றுதான் சொல்வேன். போன், பகல் நேரம், முன்பே சொன்ன நாள், வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருப்பது. இது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

ஒன்பதாவது நாள் பதில் வந்தது. "ஞாயிறு முடியாது. இரண்டாவது சனி மாலை 4 மணி. கேள்விகளை அனுப்பும்மா." மூன்றே வரிகள்.

முதல் பேச்சு சரியாகப் போகவில்லை. அரை மணியில் இருபத்தைந்து நிமிடம் அவர் தன் கதையைச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, இவளும் ஊம் கொட்டிக்கொண்டே இருந்தாள். முடியும்போது இவள் அனுப்பிய மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பேச்சு வழிதவறுவதை இப்படித்தான் அறிந்துகொள்ள முடியும்: போனை வைத்த பிறகு இந்த மாதம் என்ன செய்வது என்று ஒரு வரி எழுத முடியாவிட்டால் அது வெறும் சந்திப்பு. இரண்டாவது முறைக்கு அவள் மூன்று கேள்விகளை ஒன்றாகக் குறைத்தாள். "தினமும் என் கையில் இருக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டை வைத்து டிசைன் ஆட்களிடம் நான் என்ன பேச முடியும்?" என்பது அது.

அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பம்பு இத்தனை அடி உயரத்துக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் தள்ளும், அதற்கு இவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று ஆலை அறிவிக்கிறது. டெஸ்டிங்கில் அதைத் தொட்டியில் ஓடவிட்டு, உயரத்தை மாற்றி மாற்றி அளந்து பார்க்கிறார்கள். தேறினால் பாஸ், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டெஸ்டிங் ஆளின் வேலை அங்கே முடிகிறது. பாஸ் ஆனதிலும் அறிவித்த அளவுக்கும் ஓடிய அளவுக்கும் இடையே சிறு வித்தியாசம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒரே மாடல் தொடர்ந்து ஒரே பக்கமாக வித்தியாசம் காட்டினால் அது தற்செயல் இல்லை. இம்பெல்லர் வார்ப்பிலோ, இடைவெளியிலோ, வரைபடத்திலோ காரணம் இருக்கும். அதைத் தினமும் கண்ணால் பார்ப்பவள் நீதான், டிசைன் அறையில் இருப்பவர்கள் இல்லை என்றார். ஒரு நோட்டுப் போடு. ஏதாவது இரண்டு மாடலை மட்டும் எடுத்துக்கொள். இரண்டு மாதம் தேதி வாரியாக வித்தியாசத்தை எழுது. ஆலைத் தாளை வீட்டுக்குக் கொண்டு போகாதே, மேற்பார்வையாளருக்குத் தெரிந்தே எழுது. பிறகு அந்த நோட்டோடு டிசைன் பொறுப்பாளரிடம் போ. "எனக்கு டிசைனுக்கு மாற்றல் வேண்டும்" என்று போனால் நீ ஒரு மனு. "இந்த மாடல் ஏன் இப்படி ஓடுகிறது சார்?" என்று போனால் நீ ஒரு பொறியாளர்.

இந்த அறிவுரையில் ரகசியம் எதுவுமில்லை. இந்தத் தொழிலில் மாமன் இருக்கும் எந்தப் பையனுக்கும் முதல் தீபாவளிக்குள் இது சொல்லப்பட்டிருக்கும். இவளுக்கு மூன்று ஆண்டு கழித்து, ஒரு குறுஞ்செய்தி எழுதிய பிறகு கிடைத்தது. அவள் இன்னும் டெஸ்டிங்கில்தான் இருக்கிறாள். நோட்டைப் பார்த்த டிசைன் பொறுப்பாளர் அதில் ஒரு மாடலைப் பற்றி அவளைக் கூப்பிட்டு இரண்டு முறை பேசியிருக்கிறார். மாற்றல் கிடைக்குமா என்பது அந்த ஆலையில் யார் யாருக்கு மாமன் என்பதையும் பொறுத்தது; ஒரு குறுஞ்செய்தி அதை உடைத்துவிடும் என்று சொல்ல நான் தயாரில்லை. ஒதுக்கீடு இல்லாத தனியார் ஆலையில், வழிகாட்டி ஒருவர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுவது ஆலை முதலாளிகளுக்குத்தான் வசதி. தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்ற கோரிக்கைக்குப் பதிலாக இதை யாராவது நீட்டினால் வாங்கிக்கொள்ளக்கூடாது.

மூத்தவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கூட்டங்களில் "நீ பெற்றதைச் சமூகத்துக்குத் திருப்பிக் கொடு" என்று நாம் அதிகமாகவே பேசுகிறோம். பேச்சின் கடைசியில் "எப்போது வேண்டுமானாலும் என்னைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்குகிறோம். எப்போது வேண்டுமானாலும் என்றால் எப்போதும் இல்லை என்றுதான் கேட்கும் பிள்ளைக்குப் படுகிறது. அதைவிட, "இந்த ஆண்டு இரண்டு பேரோடு மாதம் அரை மணி நேரம் பேச முடியும்" என்று மேடையிலேயே அளவைச் சொல்லிவிடலாம். முடியாதபோது முடியாது என்று ஒரு வரி போட்டுவிடுவது இரக்கமற்ற செயல் இல்லை. பதிலில்லாத செய்தியை ஒரு தலித் பிள்ளை எப்படிப் படிக்கும் என்பது, ஒரு காலத்தில் அப்படிக் காத்திருந்த உங்களுக்குத் தெரியாததா?

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்: "போன மாதம் எழுதியிருந்தேன் சார், பார்க்க நேரமிருந்ததா?" அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம், வருத்தம் வேண்டாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்தவருக்கு எழுத வேண்டும். அதே செய்தியை அப்படியே வெட்டி ஒட்டக் கூடாது. முதல் இரண்டு வரிகள் அந்த மனிதரைப் பற்றியவை, அவை மாறியே ஆக வேண்டும். என் தங்கைக்குப் பதில் போட்டவர் அவள் எழுதிய மூன்றாவது ஆள். முதல் இருவருக்கும் நினைவூட்டல் போயிற்று, பதில் வரவில்லை. செப்டம்பரில் நான்காவது பேச்சு முடிந்தபோது அவர் "தொடரலாமா?" என்று கேட்டிருக்கிறார். செமஸ்டர் தேர்வு இருக்கிறது, ஜனவரியில் நானே எழுதுகிறேன் சார் என்று சொல்லிவிட்டாள்.